FASTBOOT திரையை விட்டு நகராத கைப்பேசி: தேக்காவில் பார்த்த ஒரு பழுதின் நிகழ்வு ஆய்வு

ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று மறுதொடக்கத்திற்குப் பிறகு வழக்கமான முகப்புக்கு வராமல் இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே வரும் பராமரிப்புத் திரைகளான ஃபாஸ்ட்பூட் அல்லது ரெக்கவரியில் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் அங்கே வந்திருக்கும். இயங்குதளத்தைத் தொடங்க முயன்று, முடியாமல் அங்கே ஒதுங்கியிருக்கலாம். அல்லது, தொடங்கும் கணத்தில் பக்கவாட்டுப் பட்டன் ஒன்று அழுத்தப்பட்டிருப்பதைக் கண்டு, வைத்திருப்பவரே இந்தத் திரையைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். முதல் வகையில் மென்பொருளில் கோளாறு இருக்கிறது. இரண்டாம் வகையில் மென்பொருள் முழுமையாக நலமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் படங்களும் செய்திகளும் அப்படியே இருக்கின்றன. இந்த வேறுபாட்டைப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லும் வழக்கம் பரவலாக இருப்பதால், இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு நிகழ்வை இங்கே விரிவாகப் பதிவுசெய்கிறேன்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் பழுதுபார்ப்புக் கடைக்கு அந்தக் கைப்பேசியைக் கொண்டுவந்தவர் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர். முந்தைய இரவு ஊரிலிருக்கும் மனைவியுடன் வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது திரை உறைந்திருக்கிறது. பவர் பட்டனை நெடுநேரம் அழுத்தி மறுதொடக்கம் செய்திருக்கிறார். அதன்பின் கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் FASTBOOT என்ற ஒற்றைச் சொல் மட்டும் தெரிந்திருக்கிறது. எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் அதே சொல்தான். வேறொரு கடையில் காட்டியபோது, ரீசெட் செய்தால் சரியாகிவிடும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, போன் போனாலும் பரவால்ல, புள்ள பொறந்ததுலருந்து எடுத்த படம் எல்லாம் இதுலதான் இருக்கு, அது மட்டும் போயிடக்கூடாது" என்றார். படங்கள் வேறெங்கும் சேமிக்கப்படவில்லை. சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியும், ஊருக்குப் பணம் அனுப்பும் வங்கிச் செயலியும் இந்த ஒரே கைப்பேசியில்தான் பதிவாகியிருந்தன.

படங்கள் போய்விடும் என்ற அச்சம் மிகையன்று. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் உள்ளே இருக்கும் கோப்புகளை மறைகுறியாக்கம் செய்தே சேமிக்கின்றன. ரெக்கவரிப் பட்டியலில் உள்ள `Wipe data/factory reset` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கோப்புகளைத் திறக்கும் சாவியும் அழிகிறது. சாவி போன பிறகு, சேமிப்பகத்தில் எஞ்சியிருக்கும் தரவை எந்த மீட்பு மென்பொருளாலும் படமாக மாற்ற முடியாது. பழைய கேமராவின் மெமரி கார்டிலிருந்து அழிந்த படங்களை மீட்டுத் தந்த அனுபவத்தை வைத்து, இதையும் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. ஆகவே எந்தப் பட்டியலையும் தொடுவதற்கு முன்பு, கைப்பேசி இங்கே எப்படி வந்தது என்பதற்கு விடை வேண்டும்.

நேரத்தை வைத்துக் கிடைத்த முதல் குறிப்பு

பவர் பட்டனை ஏறத்தாழ 15 விநாடிகள் அழுத்திப் பிடித்தேன். கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. நிறுவனச் சின்னம் மின்னி மறைந்தது. உடனே FASTBOOT வந்துவிட்டது. இயங்குதளம் கெட்டுப்போன கைப்பேசி இவ்வளவு விரைவாக இங்கே வருவது அரிது. அது சின்னத்தைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்கும், தானாக அணைந்து மறுபடி முயலும், அப்படிச் சில சுற்றுகளுக்குப் பிறகே கைவிடும். ஆண்ட்ராய்டின் மேல்தளத்தில் கோளாறு என்றால் வழக்கமாக ரெக்கவரித் திரை வந்து, `Can't load Android system. Your data may be corrupt` என்று எழுத்திலேயே சொல்லும். இந்தக் கைப்பேசியோ முயலவே இல்லை.

முயலாததன் காரணம் பூட்லோடரின் வேலைமுறையில் இருக்கிறது. மின்சாரம் கிடைத்ததும் ஆண்ட்ராய்டுக்கு முன்பாக விழித்துக்கொள்ளும் சிறு நிரல்தான் பூட்லோடர். ஆண்ட்ராய்டைத் தொடங்கிவைப்பதற்குச் சற்று முன்பு அது பக்கவாட்டுப் பட்டன்களின் நிலையைப் பார்க்கிறது. பிக்சல், சியோமி, மோட்டோரோலா போன்ற பல கைப்பேசிகளில் வால்யூம் டவுன் பட்டன் அழுத்தப்பட்டிருந்தால் அது ஃபாஸ்ட்பூட்டுக்குத் திரும்பிவிடும். சாம்சங் கைப்பேசிகளின் பூட்லோடரில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. அங்கே வால்யூம் அப் பட்டன் ரெக்கவரிக்கு அழைத்துச் செல்லும். அழுத்தியது விரலா, இறுக்கமான உறையா, பட்டனுக்கு அடியில் படிந்த அழுக்கா என்று பூட்லோடரால் வேறுபடுத்த முடியாது. அதற்குத் தெரிவது, அந்த மின்சுற்று மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது மட்டுமே.

அவரிடம் சில வாரங்களாகக் கைப்பேசி எப்படி நடந்துகொண்டது என்று கேட்டேன். அழைப்பு வந்தால் மணி கேட்பதில்லை என்றும், ஒலியைக் கூட்டி வைத்தாலும் தானாகக் குறைந்துவிடுகிறது என்றும் சொன்னார். அதைவிடத் தெளிவான செய்தி அடுத்து வந்தது: திரையை அணைக்கப் பவர் பட்டனை அழுத்தினால் சில நேரங்களில் திரை அணையாமல் ஸ்கிரீன்ஷாட் விழுகிறதாம். ஆண்ட்ராய்டில் வால்யூம் டவுன், பவர் ஆகிய இரண்டும் சேர்ந்தால் ஸ்கிரீன்ஷாட். பவர் பட்டனை மட்டும் தொட்டபோதே அது விழுந்தது என்றால், மற்றொரு பட்டனும் அதே கணத்தில் தானாக அழுந்தியிருக்கிறது. கைப்பேசி இயங்கிக்கொண்டிருந்த வரையில் இந்தக் கோளாறு சிறு தொல்லையாக மட்டுமே இருந்தது. மறுதொடக்கம் செய்த இரவில்தான் அது வாசலை அடைத்துக்கொண்டது.

கைப்பேசி தடித்த ரப்பர் உறைக்குள் இருந்தது. உறையைக் கழற்றியபோது பட்டன் இருக்கும் விளிம்பு நெடுக, வியர்வையில் ஊறி இறுகிய இரும்புத் தூள் பழுப்பு நிறத்தில் படிந்திருந்தது. வால்யூம் அப் பகுதியை அழுத்தினால் விரலுக்கு 'டிக்' என்று தெரிந்தது. டவுன் பகுதி மண்ணில் விரலை அழுத்துவதுபோல அமுங்கியதே தவிர, எந்தத் துடிப்பும் இல்லை. உறையைக் கழற்றிய நிலையில் மறுபடி எழுப்பிப் பார்த்தேன். அப்போதும் FASTBOOT வந்ததால், அழுத்தம் உறையிலிருந்து மட்டும் வரவில்லை என்பது உறுதியானது. இந்த ஒரு சோதனையை எவரும் வீட்டிலேயே செய்யலாம். உறை மட்டுமே காரணமாக இருக்கும் கைப்பேசிகள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

கணினி வழியே உறுதிப்படுத்தியது

ஃபாஸ்ட்பூட் நிலையில் இருக்கும் கைப்பேசியுடன் கணினி பேசுவதற்கு, கைப்பேசியின் அமைப்புகளில் உள்ள USB debugging வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. பூட்லோடர் பூட்டப்பட்டிருந்தாலும் தகவல் கேட்பதற்கும் மறுதொடக்கம் செய்வதற்கும் தடையில்லை. கூகுள் இலவசமாகத் தரும் Platform Tools தொகுப்பும், தரவு கடத்தக்கூடிய நல்ல கேபிளும் போதும். விண்டோஸ் கணினியில் மட்டும் ஒரு இடறல் உண்டு: Device Manager பட்டியலில் Android என்ற பெயருக்கு அருகே மஞ்சள் குறி தெரிந்தால், Google USB Driver தொகுப்பை நிறுவி அதில் Android Bootloader Interface என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லாமல் கட்டளைகள் கைப்பேசியைக் காணாமல் காத்துக்கொண்டே இருக்கும். கணினியின் கட்டளைச் சாளரத்தில் நான் கொடுத்தவை இவை:

```
fastboot devices
fastboot getvar current-slot
fastboot getvar slot-successful:a
fastboot getvar slot-unbootable:a
```

முதல் கட்டளைக்குக் கைப்பேசியின் வரிசை எண் வந்தது. அதாவது இணைப்பு சரி. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் இயங்குதளத்திற்கு a, b என இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று இயங்க, மற்றொன்று அடுத்த புதுப்பிப்புக்காகக் காத்திருக்கும். இதில் இயங்கியது a. அது முன்பு வெற்றிகரமாகத் தொடங்கியிருக்கிறதா என்ற கேள்விக்கு `yes` என்றும், தொடங்க இயலாததாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு `no` என்றும் பதில் வந்தன. தன் இயங்குதளம் கெட்டுவிட்டதாகப் பூட்லோடரே கருதவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. பிக்சல் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டளைகள்கூடத் தேவைப்படாமல் போகலாம். அதன் ஃபாஸ்ட்பூட் திரையிலேயே `Enter reason` என்ற வரி இருக்கும். அங்கே `combo key` என்று இருந்தால் பட்டன் அழைத்து வந்தது என்று பொருள். `no valid slot to boot` என்று இருந்தால் இயங்குதளமே தொடங்க முடியாத நிலையில் இருக்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் பலர் `fastboot reboot` கட்டளையைக் கொடுத்துவிட்டு, மறுபடி அதே திரையைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். அந்தக் கட்டளை கைப்பேசியை முதலிலிருந்து எழுப்புகிறது. முதலிலிருந்து எழுந்தால் பூட்லோடர் மறுபடி பட்டனைப் பார்க்கும். பட்டன் இன்னும் சிக்கியே இருப்பதால் மறுபடி ஃபாஸ்ட்பூட்தான் வரும். இதற்கு உரிய கட்டளை வேறு:

```
fastboot continue
```

இது கைப்பேசியை அணைத்து எழுப்புவதில்லை. ஃபாஸ்ட்பூட்டுக்காக நடுவில் நிறுத்திய தொடக்கத்தை, நிறுத்திய இடத்திலிருந்தே தொடரச் சொல்கிறது. பட்டனைப் பார்க்கும் கட்டம் ஏற்கெனவே கடந்துவிட்டதால், பட்டன் அழுந்தியிருந்தாலும் பூட்லோடர் அதைப் பொருட்படுத்தாமல் ஆண்ட்ராய்டைத் தொடங்கிவிடும். எல்லா நிறுவனங்களும் இந்தக் கட்டளையை விட்டுவைப்பதில்லை. இல்லாத கைப்பேசியில் `FAILED` என்ற பதில் வரும், அதனால் தீங்கு எதுவும் நேராது. எங்கள் கைப்பேசி `OKAY` என்றது. சின்னம் வந்தது, அசைவுப்படம் ஓடியது, பூட்டுத் திரை வந்தது. அவர் தம் பின் எண்ணை உள்ளிட்டதும் முகப்புப் படமாக அவருடைய குழந்தை தெரிந்தது. எழுந்த பின் முதல் முறை கைரேகை ஏற்கப்படாது, பின் எண்தான் வேண்டும் என்பதால், உரிமையாளர் அருகில் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

திரையின் கீழ் மூலையில் `Safe mode` என்ற சொற்கள் தெரிந்தன. அதைக் கண்டு அவர் பதறினார். எனக்கோ அதுதான் கடைசி ஐயத்தையும் தீர்த்தது. ஆண்ட்ராய்டும் தன் பங்கிற்குத் தொடக்கத்தில் வால்யூம் டவுன் பட்டனைப் பார்க்கும். அழுந்தியிருந்தால், நிறுவப்பட்ட செயலிகளை ஓட விடாமல் பாதுகாப்பு நிலையில் எழும். பூட்லோடர், ஆண்ட்ராய்டு என்று ஒன்றையொன்று சாராத இரண்டு மென்பொருள்கள் அதே பட்டனை அழுந்தியதாகக் கண்டிருக்கின்றன. கோளாறு பட்டனில்தான்.

திறந்திருக்கும்போதே எடுத்துக்கொண்டது

இந்த நிலையில் செய்யக்கூடாத ஒன்று, மகிழ்ச்சியில் உடனே மறுதொடக்கம் செய்வது. Safe mode நிலையை விட்டு வெளியேற மறுதொடக்கம் செய்யுங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, பட்டன் சிக்கிய கைப்பேசியை நேராக ஃபாஸ்ட்பூட்டுக்கே திருப்பி அனுப்பும். அதே கேபிளில் கைப்பேசி இணைந்திருக்க, அறிவிப்புப் பட்டையில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்து, கேமராப் படங்கள் இருக்கும் DCIM கோப்புறையை முழுவதுமாகக் கணினிக்கு நகலெடுத்தோம். வாட்ஸ்அப் செயலி பாதுகாப்பு நிலையில் திறக்கவில்லை. ஆனால் அதன் வழியே வந்த படங்களும் காணொளிகளும் உள்ளே இருக்கும் இடம் தெரிந்தால் செயலி தேவையில்லை:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

அந்தக் கோப்புறையையும் நகலெடுத்தோம். பிறகு அவர் கொண்டுவந்த பென்டிரைவில் எல்லாவற்றையும் போட்டு, குழந்தையின் சில படங்களைத் திறந்து காட்டிய பின்பே பழுதுபார்ப்பைத் தொடங்கினேன். பட்டனைச் சரிசெய்யும்போது கைப்பேசிக்கு என்ன நேர்ந்தாலும் படங்கள் இனி அதைச் சார்ந்திருக்கவில்லை என்ற நிலை வந்த பிறகு கை வைப்பதே முறை.

கைப்பேசியை அணைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. பவர் பட்டனை அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் விழக்கூடும். மேலிருந்து கீழே இழுத்து, விரைவு அமைப்புகளில் இருக்கும் பவர் குறியைத் தொட்டு அணைத்தோம்.

பட்டனைச் சரிசெய்தது

அணைத்த கைப்பேசியின் விளிம்பை உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைத்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட தூரிகையைப் பட்டன் இடுக்கு நெடுகத் தேய்த்து, பட்டனைப் பல முறை அழுத்தி விடுவித்தேன். பழுப்பு நிறக் கசடு நிறைய வந்தது. ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றக்கூடாது. உள்ளே இறங்கினால் திரையையும் நீர்த்தடுப்புக்கான பசையையும் கெடுக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான்கள் அறவே கூடாது. அவை அழுக்கைக் கரைத்துவிட்டு, புதிய தூசியைப் பிடித்துவைக்கும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். நன்றாக உலர விட்ட பின் எழுப்பியபோதும் FASTBOOT வந்தது. 'டிக்' என்ற உணர்வும் திரும்பவில்லை. சுவிட்சின் உள்ளே இருக்கும் உலோகத் தகடே நெளிந்து ஒட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியதால், அவருடைய ஒப்புதலுடன் பின்புற மூடியைச் சூடேற்றித் திறந்தேன்.

பவர் பட்டனும் வால்யூம் பட்டன்களும் பெரும்பாலும் ஒரே மெல்லிய நாடாவில் அமைந்திருக்கும். கடைக்காரர்கள் சைடு கீ ஃப்ளெக்ஸ் என்பது இதைத்தான். கைப்பேசியை ஃபாஸ்ட்பூட் திரையில் நிறுத்தி, கணினியுடன் இணைத்த நிலையிலேயே அந்த நாடாவின் இணைப்பை மெதுவாகக் கழற்றினேன். இப்போது மெயின் போர்டுக்குப் பட்டனே கிடையாது. பவர் பட்டனும் இல்லாததால் கையால் எழுப்ப முடியாது. ஆனால் கணினி எழுப்பும். இந்த இடத்தில்தான் முன்பு பயன்படாத `fastboot reboot` பயன்பட்டது. கட்டளையைக் கொடுத்ததும் கைப்பேசி அணைந்து எழுந்து, நேராகப் பூட்டுத் திரைக்கு வந்தது. Safe mode என்ற சொல்லும் இல்லை. பழுது நாடாவில் இருக்கிறது, மெயின் போர்டில் இல்லை என்பதை இந்த ஒரு சோதனை ஐயமின்றிக் காட்டிவிடும். புதிய நாடாவைப் பொருத்தி, இணைப்பை அழுத்தி மூடி, கையால் அணைத்து எழுப்பிப் பார்த்தபோதும் வழக்கமாகவே எழுந்தது.

நாடாவைக் கழற்றிய பிறகும் ஒரு கைப்பேசி ஃபாஸ்ட்பூட்டிலேயே நின்றால் இந்த ஆய்வின் முடிவு அதற்குப் பொருந்தாது. சில மோட்டோரோலா கைப்பேசிகளில், எழும்போதெல்லாம் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போகும்படி ஒரு குறிப்பு உள்ளேயே பதிந்திருக்கக்கூடும். அதை `fastboot oem fb_mode_clear` என்ற கட்டளை நீக்கும். தரவு எதுவும் அழியாது. ரெக்கவரியில் நின்று தரவு கெட்டிருக்கலாம் என்று சொல்லும் கைப்பேசியில் முதலில் `Try again` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முறை எழுந்துவிட்டால் உடனே படங்களை எடுத்துவிட வேண்டும். இணையத்தில் காணும் கட்டளைகளில் `fastboot -w`, `fastboot erase userdata`, `fastboot flashing unlock` ஆகிய மூன்றில் எது செயல்பட்டாலும் படங்கள் மீளாமல் அழியும். மூன்றாவதில் அழிப்பது என்ற சொல்லே இல்லாததால் அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கணினி கைவசம் இல்லாதவர், தொழிலாளர் விடுதியிலோ வீட்டிலோ இருந்தபடி முயலக்கூடியது ஒன்று உண்டு. உறையைக் கழற்றிவிட்டு, சிக்கிய பட்டனின் மேல் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை அழுத்தி ஒட்டி, பவர் பட்டனை நெடுநேரம் பிடித்து, கைப்பேசி அதிர்ந்தவுடன் பவர் பட்டனை விட்டுவிட்டு ஒட்டுநாடாவை வெளிப்புறமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பூட்லோடர் பார்க்கும் அந்தச் சில விநாடிகளுக்குத் தகடு விலகி நின்றால் கைப்பேசி எழுந்துவிடும். அப்படி எழுந்த கைப்பேசியை, பட்டன் மாற்றப்படும் வரையில் அணைக்கவோ பேட்டரி முழுவதும் தீர்ந்துபோக விடவோ கூடாது. இரவில் தானாக அணைந்து எழும்படி நேரம் குறித்து வைத்திருந்தால் அதையும் நீக்கிவிட வேண்டும்.